தாவச் சொன்ன பிறகும் நடக்கும் கட்டளை

1994-இல் சோனி வெளியிட்ட முதல் பிளேஸ்டேஷனுக்குள் இருந்தது மிப்ஸ் குடும்பத்தின் ஆர்3000ஏ வகைச் செயலி. அதற்கான விளையாட்டு நிரல் ஒன்றைப் பிரித்து, கட்டளை கட்டளையாகப் படிக்கும் புதியவர் சீக்கிரமே ஓர் இடத்தில் விழிப்பார். ‘இன்ன இடத்துக்குத் தாவு’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு அடுத்த வரியில் ஒரு கூட்டல். தாவிப் போனபின் அந்தக் கூட்டலுக்கு வேலையில்லை என்றுதானே நினைப்போம்? ஆனால் அது நடக்கும். செயலி முதலில் கூட்டிவிட்டு, பிறகுதான் தாவும்.

இது பிழையன்று, தெரிந்தே செய்த ஏற்பாடு. ஏன் செய்தார்கள் என்பதற்கு, செயலி கட்டளைகளை எப்படி விழுங்குகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எளிய ரிஸ்க் செயலியில் ஒரு கட்டளை ஐந்து கட்டங்களைக் கடக்கிறது. முதலில் அதை நினைவகத்திலிருந்து எடுக்க வேண்டும். பிறகு அது என்ன கட்டளை என்று பிரித்தறிந்து, கேட்கும் ரெஜிஸ்டர்களைப் படிக்க வேண்டும். மூன்றாவது கட்டத்தில் கணக்கு. நான்காவதில், தேவைப்பட்டால் நினைவகத்தைத் தொடுதல். ஐந்தாவதில் விடையை ரெஜிஸ்டரில் எழுதுதல். ஒவ்வொரு கட்டத்துக்கும் கடிகாரத்தின் ஒரு துடிப்பு.

ஒரு கட்டளை முழுதாக முடியும்வரை அடுத்ததைத் தொடாமல் இருந்தால் ஐந்து துடிப்புக்கு ஒரு வேலைதான் ஆகும். கல்யாணப் பந்தியில் யாரும் அப்படிப் பரிமாறுவதில்லை. பொரியல்காரர் மூன்றாவது இலையில் இருக்கும்போது சோற்று வாளி இரண்டாவது இலையில் இருக்கும். சாம்பார் முதல் இலையில். பைப்லைனும் அப்படித்தான். ஒரு கட்டளை கணக்குக் கட்டத்தில் இருக்கும்போது அடுத்தது பிரித்தறியப்படும், அதற்கடுத்தது எடுக்கப்படும். ஒரு கட்டளைக்கு ஆகும் நேரம் குறைவதில்லை. ஆனால் துடிப்புக்கு ஒரு கட்டளை வீதம் வெளியே வரும். வரவேண்டும், கணக்குப்படி.

வராமல் போகும் இடங்களுக்குத்தான் ஹசார்ட் என்று பெயர். பட்டியலில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டும் இந்தச் சிறிய சுற்றைப் பாருங்கள்:

```
loop: lw    $t0, 0($a0)
      addu  $t1, $t1, $t0
      addiu $a0, $a0, 4
      bne   $a0, $a1, loop
```

முதல் வரி நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுத்து `$t0`-வில் வைக்கிறது. இரண்டாவது, அதை மொத்தத்தோடு கூட்டுகிறது. மூன்றாவது, பட்டியலில் அடுத்த எண்ணுக்கு நகர்கிறது. ஓர் எண் நான்கு பைட் என்பதால் 4. நான்காவது, பட்டியல் முடியவில்லை என்றால் மறுபடி மேலே போகச் சொல்கிறது.

நான்கு கட்டளை என்றால் ஒரு சுற்றுக்கு நான்கு துடிப்புதானே? எளிய வடிவமைப்பில் ஏழு ஆகும். மிச்சம் மூன்றும் எங்கே போகின்றன என்பதுதான் விஷயம்.

ஒன்று முதல் இரண்டு வரிகளுக்கு நடுவே தொலைகிறது. `lw` கேட்ட எண் நான்காவது கட்டத்தின் முடிவில்தான் கைக்கு வரும். கூட்டலுக்கோ அது மூன்றாவது கட்டத்தின் தொடக்கத்திலேயே வேண்டும். கூட்டல் ஒரே துடிப்புதான் பின்னால் வருகிறது. ஆகவே எண் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே கூட்டல் கை நீட்டிவிடுகிறது. ஒரு கணக்கின் விடையை ரெஜிஸ்டரில் எழுதும்வரை காத்திராமல் அப்படியே அடுத்த கணக்குக்குக் கடத்தும் குறுக்குப் பாதைகள் செயலிக்குள் உண்டு. சாதாரணக் கூட்டல், கழித்தலுக்கு அவை போதும். இங்கே அவையும் உதவா. இன்னும் பிறக்காத எண்ணைக் கடத்த முடியாது. கூட்டலை ஒரு துடிப்பு நிறுத்தி வைக்க வேண்டியதுதான்.

மீதி இரண்டைத் தின்பது `bne`. மேலே போவதா, நேரே போவதா என்பது அதன் ஒப்பீடு முடிந்தால்தான் தெரியும். ஒப்பீடு நடப்பது மூன்றாவது கட்டத்தில். அதற்குள் செயலி சும்மா இருக்கவில்லை. `bne`-க்குக் கீழே இருந்த இரண்டு கட்டளைகளை உள்ளே இழுத்துவிட்டது. தாவத்தான் வேண்டும் என்று தீர்ப்பு வந்ததும் அந்த இரண்டையும் தூக்கி எறிய வேண்டும். எறிவதில் ஆபத்து ஒன்றும் இல்லை. அவை முதல் இரண்டு கட்டங்களில்தான் இருக்கின்றன, எந்த ரெஜிஸ்டரிலும் நினைவகத்திலும் இன்னும் எதையும் எழுதவில்லை. போனது இரண்டு துடிப்பு, அவ்வளவுதான்.

‘அவ்வளவுதான்’ என்று லேசாகச் சொல்லிவிட முடியாது என்பது வேறு. சாதாரண நிரல்களில் ஐந்து முதல் ஏழு கட்டளைகளுக்கு ஒன்று இப்படிக் கிளை பிரியும் கட்டளையாக இருக்கும். நம் சுற்றில் நான்குக்கு ஒன்று. ஆயிரம் எண்களைக் கூட்ட 4,000 துடிப்பு போதும் என்ற இடத்தில் 7,000 ஆகிறது.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் ஹென்னஸியும் அவருடைய மாணவர்களும் 1980களின் தொடக்கத்தில் மிப்ஸை வடிவமைத்தபோது, இந்த இழப்பைச் சரிக்கட்டும் பொறுப்பைச் செயலியிடம் விடவில்லை. நிறுத்தி வைப்பதற்கும் தூக்கி எறிவதற்கும் தனிச் சுற்றமைப்பு வேண்டும். அது சில்லில் இடம் பிடிக்கும், கடிகாரத்தையும் மெதுவாக்கும். நிரலை முன்கூட்டியே முழுதாகப் பார்ப்பது கம்பைலர். வரிசையை மாற்றி அடுக்கும் வேலையை அதனிடம் கொடுத்தால் என்ன? அந்த எண்ணத்தோடுதான் 1984-இல் தொடங்கிய மிப்ஸ் நிறுவனம் ஆர்2000 சில்லைக் கொண்டுவந்தது.

அவர்கள் முதலில் கிளையின் ஒப்பீட்டை முன்னால் இழுத்து, இரண்டு துடிப்பு இழப்பை ஒன்றாக்கினார்கள். மிஞ்சிய ஒன்றை ஒளித்து வைக்காமல் சட்டமாகவே எழுதிவிட்டார்கள்: கிளைக் கட்டளைக்கு அடுத்து உள்ள கட்டளை, தாவினாலும் தாவாவிட்டாலும், கட்டாயம் நடக்கும். அந்த இடத்துக்குத் தாமத இடம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட கட்டளையை எறிவானேன், உருப்படியான ஒன்றை அங்கே வையுங்கள் என்பதுதான் கம்பைலருக்குச் சொன்ன சேதி. `lw`-க்கும் அதே போக்கு. அடுத்த வரியிலேயே அந்த எண்ணைக் கேட்டால் ஆர்2000 காத்திருக்காது. ரெஜிஸ்டரில் கிடந்த பழைய எண்ணே கிடைக்கலாம். எச்சரிக்கை எதுவும் வராது, கூட்டுத்தொகை மட்டும் தப்பாக இருக்கும். ஆக, மேலே உள்ள சுற்று ஆர்2000-இல் மெதுவாக ஓடுவது மட்டுமல்ல, தவறாகவே ஓடும்.

நல்ல கம்பைலர் அதை இப்படி மாற்றி அடுக்கும்:

```
loop: lw    $t0, 0($a0)
      addiu $a0, $a0, 4
      bne   $a0, $a1, loop
      addu  $t1, $t1, $t0
```

எண் வந்து சேரும்வரை உள்ள இடைவெளியில் நகர்தல் நடந்துவிடுகிறது. கூட்டல் தாமத இடத்துக்குப் போய்விட்டது. ஒவ்வொரு சுற்றிலும் தாவலுக்கு முன் நடக்கும், கடைசிச் சுற்றில் தாவாதபோதும் நடக்கும், அதனால் கடைசி எண்ணும் விட்டுப்போகாது. நான்கு கட்டளை, நான்கு துடிப்பு. ஒன்றுகூட வீணில்லை. பிளேஸ்டேஷன் நிரலைப் படித்தவர் விழித்தது இதைப் பார்த்துத்தான். எனக்கு இன்றைக்கும் இது அழகான தீர்வாகத்தான் படுகிறது.

அழகு எல்லா நேரமும் வாய்ப்பதில்லை. தாமத இடத்தில் வைக்க ஏற்ற கட்டளை கிடைக்காவிட்டால் கம்பைலர் அங்கே `nop` என்ற வெறுங்கட்டளையைப் போட்டுவிடும். மிப்ஸில் அதன் உருவம் 32 பிட்டும் பூஜ்யம். `objdump -d` கொடுத்துப் பார்க்கும்போது தாவல்களுக்குக் கீழே `nop` வரிசையாக நின்றால், இழப்பு எங்கும் போகவில்லை, செயலிக்குள்ளிருந்து நிரலுக்குள் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

அதைவிடப் பெரிய தலைவலி குறுக்கீடுகளால் வந்தது. தாமத இடத்தில் உள்ள கட்டளை, இல்லாத நினைவகப் பக்கத்தைத் தொட்டுத் தடைபடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இயங்குதளம் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஆனால் தடைபட்ட கட்டளையிலிருந்து தொடர்ந்தால், அதற்கு முன் எடுத்த தாவல் முடிவு மறந்துபோகும். நிரல் தாவாமல் நேரே போய்விடும். அதனால் மிப்ஸ் அந்தச் சமயத்தில் தடைபட்ட கட்டளையின் முகவரியைக் குறித்துவைக்காமல், அதற்கு முந்திய கிளையின் முகவரியைக் குறித்துவைக்கிறது. கூடவே ‘தடை தாமத இடத்தில்’ என்று சொல்ல ஒரு பிட்டையும் உயர்த்துகிறது. மிப்ஸுக்கு இயங்குதளம் எழுதுகிறவர்கள் இந்த ஒரு பிட்டுக்காகத் தனியாக நிரல் எழுத வேண்டியிருக்கிறது.

பிறகு காலமும் அதன் வேலையைக் காட்டியது. 1991-இல் வந்த ஆர்4000 கடிகார வேகத்தைக் கூட்டுவதற்காகப் பைப்லைனை எட்டுக் கட்டமாக நீட்டியது. கிளையின் தீர்ப்பு வர இப்போது மூன்று துடிப்பு தாமதம். சட்டத்தில் இருப்பதோ ஒரே ஒரு தாமத இடம். அதை மூன்றாக்கினால் பழைய நிரல்கள் எல்லாம் உடையும். எனவே ஒன்றைப் பழைய முறையில் நிரப்பி, மற்ற இரண்டையும் செயலியே சமாளிக்க வேண்டியதாயிற்று. ஐந்து கட்டச் செயலியின் உட்புறம் ஒன்று நிரல் எழுதும் விதியாக உறைந்துபோய், அந்தச் செயலி மறைந்த பிறகும் தொடர்ந்து வந்தது.

பெர்க்லியில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-5 இதைப் பார்த்துத் தாமத இடத்தை அடியோடு விட்டுவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகள் பின்பற்றுவது இந்த விதித்தொகுப்பைத்தான். இங்கே தாவலுக்குக் கீழே உள்ள கட்டளை, தாவினால் நடக்காது. ஆனால் தீர்ப்பு தாமதமாக வருவது அப்படியே இருக்கிறதே? அதற்கு ஊகம்.

ஜேம்ஸ் ஸ்மித் 1981-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் ஊகத்துக்கான சில எளிய வழிகளை ஒப்பிட்டார். மிக எளியது, போன முறை என்ன நடந்ததோ அதுவே இப்போதும் நடக்கும் என்று கொள்வது. பத்து முறை சுழலும் உட்சுற்று ஒன்றில் இது இரண்டு முறை தப்பும்: வெளியேறும்போது ஒரு முறை; மறுபடி அதே சுற்றுக்குள் நுழையும்போது, ‘போன முறை தாவவில்லையே’ என்று நினைத்து இன்னொரு முறை. இரண்டு பிட் எண்ணி ஒன்றை வைத்தால் இது பாதியாகும். எண்ணி 0 முதல் 3 வரை போகும். தாவும்போது ஒன்று ஏறும், தாவாதபோது ஒன்று இறங்கும். 2-உம் 3-உம் என்றால் தாவும் என்று ஊகம். ஒரே ஒரு முறை தாவாமல் வெளியேறியதால் 3 என்பது 2 ஆகுமே தவிர, மனம் மாறாது. பத்தில் ஒரு தப்பு. ஊகத்தோடு, எந்த முகவரிக்குத் தாவ வேண்டும் என்பதையும் முதல் கட்டத்திலேயே ஒரு சிறு அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டால், சரியான ஊகத்துக்கு ஒரு துடிப்பும் வீணாகாது. ஆயிரம் எண்களைக் கூட்டும் நம் சுற்றில் தொடக்கத்தில் ஓரிரண்டும் முடிவில் ஒன்றுமாகத் தப்பினால் உண்டு.

சுற்றுகள் இப்படி ஒழுங்காக நடந்துகொள்ளும். தாறுமாறாகக் கலைந்த 0 முதல் 255 வரையிலான எண்களில் ஒவ்வொன்றும் 128-ஐத் தாண்டுகிறதா என்று சோதிக்கும் கிளை அப்படி நடந்துகொள்ளாது. எண்ணி 0-க்கும் 3-க்கும் நடுவே ஏறியும் இறங்கியும் அலைந்துகொண்டே இருக்கும், ஊகம் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி தப்பும். நம் எளிய செயலியில் ஒரு தப்புக்கு இரண்டு துடிப்பு என்பதால் கிளை ஒன்றுக்குச் சராசரி ஒரு துடிப்பு போகும். ஆழமான பைப்லைன் உள்ள இன்றைய கணினிச் செயலிகளில் ஒரு தப்புக்குப் பத்துப் பதினைந்து துடிப்புக்கு மேல் போகும். லினக்ஸில் இதை நேரடியாகவே எண்ணிப் பார்க்கலாம்:

```
perf stat -e branches,branch-misses ./a.out
```

அதே எண்களை முதலில் வரிசைப்படுத்திவிட்டு இதே சோதனையை ஓட்டினால் `branch-misses` சடாரென்று விழும். முதல் பாதி முழுக்க ‘இல்லை’, மறுபாதி முழுக்க ‘ஆம்’. நடுவில் ஓரிடத்தில்தான் எண்ணி தடுமாறும். சில கம்பைலர்கள் அந்தக் கிளையையே நீக்கி, இரண்டு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டளையாக மாற்றிவிடுவதும் உண்டு. அப்போது கலைந்த பட்டியலுக்கும் அடுக்கிய பட்டியலுக்கும் வித்தியாசமே தெரியாது.