உஷார்! வாட்ஸ்அப்பில் திட்டினால் துணி திரும்பாது

திருப்பூரில் துணி வாங்கித் தைக்கும் யூனிட்காரர்களுக்கு இது அவசரச் செய்தி. ரோல் பிரித்துப் பார்த்ததும் வயிறெரிந்து சப்ளையருக்கு அனுப்புகிறீர்களே வாட்ஸ்அப், அதுவே பிற்பாடு உங்களுக்கு எதிராக நிற்கக்கூடும். கோபப்பட்டதில் தப்பில்லை. கோபத்தில் எழுதிய நாலு வரியில், துணியை நிராகரிக்கும் உரிமையையே கைவிட்டுவிடும் வாக்கியமும் கலந்திருக்கும். அதுதான் ஆபத்து.

ஒரு மாதிரிக்கு இந்தச் செய்தியை எடுத்துக்கொள்வோம். நேவி புளூ சிங்கிள் ஜெர்சி, 180 ஜிஎஸ்எம், 40 ரோல், ஏறக்குறைய ஆயிரம் கிலோ வந்திருக்கிறது. கட்டிங் மாஸ்டர் இரண்டு ரோலை வெட்டிய பிறகுதான் சந்தேகப்பட்டுக் கூப்பிடுகிறார். முதலாளி தட்டிவிடுகிறார்:

"என்னங்கண்ணா துணி அனுப்பிருக்கீங்க? காத்துல பறக்குது, ஜிஎஸ்எம்மே இல்ல. கலரு ரோலுக்கு ரோல் வேற வேற. பூராம் ஓட்டை. எப்பவும் உங்களோட இதே ரோதனை. ரெண்டு ரோல் வெட்டியும் போட்டாச்சு, இனி என்ன பண்றது? எல்லாத்தையும் தூக்கிட்டுப் போங்க. பேமெண்ட் ஒத்தப் பைசா கிடையாது."

படிக்கிறவருக்கு வலி புரிகிறது. ஆனால் எந்த பிஓ, எந்த பில், எந்த ரோல், எவ்வளவு குறைவு என்று ஒன்றுகூட இதில் இல்லை. "பூராம் ஓட்டை" என்றால் 40 ரோலிலும் ஓட்டை என்று அர்த்தம். சப்ளையர் ஆள் வந்து ஓட்டையில்லாத ரோலாகப் பார்த்து நாலைப் பிரித்துக் காட்டினால், மற்ற புகாரும் சேர்ந்தே பொய்யாகத் தெரியும். "எப்பவும் இதே ரோதனை" என்பது இன்னும் மோசம். முன்னால் வந்ததையும் இதே தரத்தில் எடுத்துக்கொண்டு பணமும் கொடுத்தீர்களே என்று திருப்பிக் கேட்க அவருக்கு நீங்களே வழிவிட்டாயிற்று.

எல்லாவற்றையும்விட நடுங்க வேண்டிய வரி, "ரெண்டு ரோல் வெட்டியும் போட்டாச்சு". 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 42 சொல்வது இது: சரக்கு கைக்கு வந்தபின், அது இன்னும் விற்றவருடையது என்பதற்கு ஒவ்வாத காரியத்தை வாங்கியவர் செய்தால், அவர் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். நியாயமான காலம் தாண்டியும், நிராகரிப்பதாகச் சொல்லாமல் வைத்துக்கொண்டாலும் அப்படியே. துணியை வெட்டுவது முதல் வகையில் வரும். பிரிவு 13 இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிரிக்க முடியாத ஒப்பந்தத்தில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டாலே, வேறு விதமாக ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், மொத்தத்தையும் நிராகரிக்க முடியாது. நஷ்டஈடு கேட்கலாம், விலையில் கழிக்கலாம், அவ்வளவுதான். பல பில்களின் அடியில் "வெட்டிய துணிக்குப் பொறுப்பல்ல" என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதையும் ஒருமுறை பாருங்கள்.

அதற்காக வெட்டியதை மறைக்கக் கூடாது. எத்தனை ரோல், எப்போது வெட்டினார்கள், குறை தெரிந்ததும் எப்போது நிறுத்தினார்கள் என்று நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள். மீதி 38 ரோலில் இனிக் கத்தி படக் கூடாது. அவற்றைத் தனியாக அடுக்கி, சப்ளையர் ஒட்டிய ஸ்டிக்கரைக் கிழிக்காமல், "நிறுத்தி வைக்கப்பட்டது" என்று அட்டை மாட்டிவிடுங்கள். ஸ்டிக்கர் போய்விட்டால் அது யாருடைய துணி என்பதே தகராறாகிவிடும்.

இன்னொரு கெடுவும் ஓடிக்கொண்டிருக்கிறது. சப்ளையர் உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால் 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் பொருந்தும். சரக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் சொன்னால், அது தீர்க்கப்படும் நாளைத்தான் ஏற்பு நாளாகக் கணக்கிடுவார்கள். சொல்லாவிட்டால் வந்த நாளே ஏற்பு நாள். ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும் அதிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. "ஒத்தப் பைசா கிடையாது" என்று மெசேஜ் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவருக்கு ஆடிட்டர் சொல்லும்போதுதான் தூக்கம் போகும்.

சரி, இந்தக் கோபத்தை எப்படிப் புகாராக்குவது? முதலில் எழுதக் கூடாது, அளக்க வேண்டும். செய்தியில் இருப்பது மூன்று குற்றச்சாட்டு: துணி மெலிசு, கலர் வேறு, ஓட்டை. மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஜிஎஸ்எம்முக்கு வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி, கிராமில் இரண்டு தசமம் காட்டும் தராசில் வைத்து, வரும் எடையை நூறால் பெருக்க வேண்டும். 1.65 கிராம் என்றால் 165. இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ரோலில் இறுக்கிச் சுற்றிய பின்னல் துணி நீளவாக்கில் இழுபட்டிருக்கும். அப்படியே வெட்டினால் ஜிஎஸ்எம் குறைவாகக் காட்டும். "ரிலாக்ஸ் பண்ணாம அளந்தீங்களாண்ணா?" என்று சப்ளையர் கேட்கும் முதல் கேள்வியிலேயே உங்கள் புகார் விழுந்துவிடும். ஆகவே துணியைப் பிரித்து, இழுக்காமல் ஒருநாள் முழுக்க மேசையில் கிடக்கவிட்டு, ரோலுக்கு மூன்று இடத்தில் வெட்டிச் சராசரி எடுங்கள். வெட்டிய வட்டங்களை ரோல் எண் எழுதிய கவரில் போட்டு வையுங்கள். நம் உதாரணத்தில் பிஓ சொல்வது 180, கூடக்குறைய 5 சதவீதம். அதாவது 171-க்குக் கீழே போகக் கூடாது. பத்து ரோலை அளந்ததில் எட்டு ரோல் 162-க்கும் 167-க்கும் இடையில் நிற்கிறது. இரண்டு ரோல் 174, 175, அதாவது ஜிஎஸ்எம் சரி. அந்த இரண்டையும் மறைக்காமல் எழுதினால்தான் மற்ற எட்டையும் நம்புவார்கள்.

கலருக்கு டியூப் லைட் வெளிச்சம் சாட்சியாகாது. ஒரு விளக்கில் ஒத்துப்போகும் நிறம் இன்னொன்றில் பிரிந்து தெரியும். பிஓவில் சொன்ன டி65 விளக்கு உள்ள லைட் பாக்ஸில், ஒப்புதல் தந்த ஷேடு துண்டோடு வைத்து, கிரே ஸ்கேலில் மதிப்பிட வேண்டும். பார்த்தால், "ரோலுக்கு ரோல்" வேறுபாடெல்லாம் இல்லை. 32 முதல் 40 வரையுள்ள ஒன்பது ரோல் இரண்டாவது டையிங் லாட். வேறுபாடு அதில் மட்டும்தான். பிஓ கேட்டது 4, வந்தது 3. "வேற வேற" என்று எழுதியவர் இதைக் கவனிக்கவேயில்லை. எந்த லாட் என்று சொல்லிவிட்டால், டையிங்கில் எங்கே பிசகியது என்பதைச் சப்ளையரே கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம் ஓட்டை. இரண்டு ரோலில் மொத்தம் ஆறு, எல்லாம் ஓர் அங்குலத்துக்குள். நான்கு புள்ளி முறையில் ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. ஒரு ரோலுக்கு மூன்று ஓட்டை, 6 புள்ளி. ஒரு ரோல் 92 கெஜம், அகலம் 71 அங்குலம் என்று வைத்தால், 100 சதுர கெஜத்துக்கு மூன்று புள்ளிக்குச் சற்று மேல்தான் வருகிறது. பொதுவாக 40 வரை ஏற்கிறார்கள். ஆகவே ஓட்டை புகாரில் வரவே கூடாது. மனசு கேட்காதுதான். ஆனால் நிற்காத குற்றச்சாட்டைச் சேர்த்தால், நிற்கக்கூடிய இரண்டையும் அது கீழே இழுக்கும்.

போட்டோவையும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது சுருக்கிவிடும், எப்போது எடுத்தது என்ற விவரமும் போய்விடும். டாக்குமெண்டாகவோ இமெயிலிலோ அனுப்புங்கள். ரோல் ஸ்டிக்கரும் தராசின் எண்ணும் ஒரே படத்தில் தெரியவேண்டும். இப்போது எழுதலாம்:

"பொருள்: பிஓ 118, பில் 2046, நேவி சிங்கிள் ஜெர்சி 180 ஜிஎஸ்எம், 40 ரோல். தர ஆட்சேபம்.

வணக்கம் சார். மேற்படி துணி 3-ஆம் தேதி வந்து சேர்ந்தது. 4-ஆம் தேதி 1, 2 எண் ரோல்களை வெட்டும்போது குறை தெரிந்து, வெட்டுவதை அன்றே நிறுத்திவிட்டோம். மீதி 38 ரோல் வெட்டாமல் தனியாக உள்ளன. அவற்றை நாங்கள் ஏற்கவில்லை.

ஒருநாள் ரிலாக்ஸ் செய்தபின் பத்து ரோலில் ஜிஎஸ்எம் அளந்தோம். 4, 7, 12, 15, 19, 23, 26, 30 எண் ரோல்கள் 162 முதல் 167 வரை உள்ளன. 9, 33 எண் ரோல்கள் வரம்புக்குள் உள்ளன. பிஓ வரம்பு 171 முதல் 189. இரண்டாவது டையிங் லாட்டான 32 முதல் 40 வரையுள்ள ரோல்களின் ஷேடு, ஒப்புதல் துண்டோடு டி65 விளக்கில் கிரே ஸ்கேல் 3. பிஓ கேட்பது 4. அளவுத் தாளும் படங்களும் இணைப்பில் உள்ளன. வெட்டிய வட்டங்கள் எங்களிடம் உள்ளன.

9-ஆம் தேதிக்குள் உங்கள் ஆள் வந்து எங்களோடு சேர்ந்து பரிசோதிக்கக் கேட்டுக்கொள்கிறோம். குறை உறுதியானால், தவறிய ரோல்களுக்கு 18-ஆம் தேதிக்குள் மாற்றுத் துணியோ, திரும்ப எடுத்துக்கொண்டு கிரெடிட் நோட்டோ வேண்டும். வெட்டிய இரண்டு ரோலுக்கு விலைக் குறைப்பைத் தனியாகப் பேசுவோம்."

சப்ளையரைத் திட்டும் சொல் ஒன்றும் இதில் இல்லை. ஆனால் பழைய சாட்டைவிட இது அவருக்குத் தலைவலி, ஏனென்றால் ஒவ்வொரு வரிக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. அனுப்பிய தேதியே 15 நாள் கணக்கில் உங்களுக்குக் கை கொடுக்கும். பிஓவில் கூடக்குறைய 5 சதவீதம் என்பதோ ஷேடு மதிப்போ எழுதப்படவில்லை என்றால் நிலைமை வேறு. அப்போது ஒப்புதல் தந்த மாதிரித் துண்டை வைத்துத்தான் வாதாட வேண்டும். அதுவும் தொலைந்திருந்தால் வக்கீலைப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

திட்டிய பழைய செய்தியை "எல்லோருக்கும் அழி" கொடுக்காதீர்கள். அழித்த தடம் அங்கேயே நிற்கும், ஸ்கிரீன்ஷாட் அவரிடம் ஏற்கனவே இருக்கும். இமெயில் போன பிறகு, "முறையான புகார் மெயிலில் அனுப்பியுள்ளோம், அதையே எங்கள் நிலைப்பாடாக எடுத்துக்கொள்ளவும்" என்று அதே சாட்டில் ஒரு வரி போட்டால் போதும்.

இனி வருவதுதான் பெரிய கண்ணி. மெயில் பார்த்த அன்று மாலையே போன் வரும். "அண்ணா, நமக்குள்ள என்னங்க மெயில் எல்லாம்? இந்தத் தடவை பாத்து வெட்டிக்கங்க, அடுத்த லாட்டுல சரி பண்ணிக்கலாம்." ஷிப்மெண்ட் நெருக்கடியில் நீங்களும் சரி என்பீர்கள், காலையில் கட்டிங் மாஸ்டர் லே போட்டுவிடுவார். அப்படி உண்மையிலேயே ஒத்துக்கொள்வதானால், கிலோவுக்கு எவ்வளவு குறைப்பு, எந்தெந்த ரோல், எந்தத் தேதிக்குள் கிரெடிட் நோட் என்பதை எழுதி அனுப்பி, அவருடைய "ஓகே" எழுத்தில் வந்த பிறகே கத்தியை எடுக்கச் சொல்லுங்கள்.