மழை மேல் போட்ட பழி

ஜூலை முதல் வாரத்தில் பம்ப்செட் கம்பெனிகளின் விற்பனைக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம்: "மே மாசம் மழை பெஞ்சிருச்சு சார்." கோடை மழை பெய்தால் விவசாயி மோட்டார் மாற்றுவதைத் தள்ளிப்போடுவார். உண்மைதான். ஆனால் விற்காமல் போனதில் எத்தனை மோட்டாரை மழைக்கணக்கில் எழுதலாம் என்பதை அந்த வாக்கியம் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டியது கூட்டத்தின் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு.

இயக்குநர் குழுக் கூட்டத்துக்கான குறிப்பை 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனிகள் சட்டத்தின் 118ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. காலாண்டு விற்பனைக் கூட்டத்துக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. கம்பெனிக்குத் தோன்றியபடி எழுதிக்கொள்ளலாம். அதனாலேயே பல இடங்களில் "இலக்கு எட்டப்படவில்லை, காரணங்கள் விவாதிக்கப்பட்டன, தீவிர முயற்சி எடுக்க முடிவு செய்யப்பட்டது" என்று மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. இந்த மூன்று வரியை எந்த வருஷத்து, எந்தக் கம்பெனியின் குறிப்பிலும் ஒட்டிவிடலாம்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கம்பெனியும் எண்களும் கற்பனை. கணக்குப் போடும் முறை நடப்பில் உள்ளது. ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்கு இலக்கு 4,000 மோட்டார். சராசரி விலை 15,000 ரூபாய், மொத்தம் 6 கோடி. டீலர்களுக்கு பில் போட்டது 3,400 மோட்டார். சராசரி 14,500 ரூபாய் வீதம் 4 கோடியே 93 லட்சம். குறைவு 1 கோடியே 7 லட்சம்.

முதலில் இந்தக் குறைவை இரண்டாக உடைக்க வேண்டும். எண்ணிக்கையில் குறைந்தது 600; அதை இலக்கு விலையான 15,000 ரூபாயால் பெருக்கினால் 90 லட்சம். விற்ற 3,400 மோட்டாரிலும் தலைக்கு 500 ரூபாய் குறைந்திருக்கிறது. அது 17 லட்சம். இரண்டையும் கூட்டினால் 1 கோடியே 7 லட்சம் சரியாக வந்துவிடும். மழையால் 600 மோட்டார் விற்காமல் போகலாம். விற்ற மோட்டாரின் விலையை மழை எப்படி 500 ரூபாய் குறைக்கும்? அந்த 17 லட்சத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்து அந்த 600. கம்பெனி டீலருக்கு விற்பதை இந்தத் தொழிலில் பிரைமரி என்பார்கள். டீலர் விவசாயிக்கு விற்பதை செகண்டரி என்பார்கள். இலக்கு, இன்சென்டிவ், மாதாந்திர அறிக்கை எல்லாமே பெரும்பாலும் பிரைமரியை வைத்துத்தான். ஆனால் மழை பாதிப்பது செகண்டரியை. டீலர்களின் ஸ்டாக் தெரிந்தால் செகண்டரியைக் கண்டுபிடித்துவிடலாம். ஏப்ரல் 1 அன்று டீலர்கள் கையில் 2,000 மோட்டார் இருந்தது. காலாண்டில் கம்பெனி அனுப்பியது 3,400. ஜூன் 30 அன்று மீதி 1,600. அப்படியானால் விவசாயிகள் வாங்கிப்போனது 3,800.

இலக்கு 4,000, வெளியே போனது 3,800. சந்தையில் விழுந்த துண்டு வெறும் 200தான். மற்ற 400 ஏன் குறைந்தது என்றால், டீலர்கள் ஏற்கெனவே கையில் இருந்த சரக்கை விற்றார்கள், புதிதாக வாங்கவில்லை. அந்தச் சரக்கு எப்படி வந்தது? மார்ச் கடைசி வாரத்தில், ஆண்டு இலக்கை முடிப்பதற்காக, கூடுதல் தள்ளுபடியும் நீட்டித்த கடனும் கொடுத்து டீலர் தலையில் கட்டியதுதான். இந்தக் காலாண்டின் எண்ணிக்கைக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு போன காலாண்டின் "சாதனை". அன்றைக்குக் கைதட்டு வாங்கிய அதே மேலாளர் இன்றைக்கு மழையைச் சொல்கிறார்.

இது சிறிய கம்பெனிகளின் வழக்கம் மட்டுமல்ல. காலாண்டு முடியும் சமயங்களில் தேவைக்கு மேல் மருந்துகளை மொத்த வியாபாரிகளிடம் தள்ளி விற்பனையைக் கூட்டிக்காட்டியதாக பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்தின் மீது அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2004இல் 15 கோடி டாலர் கட்டி அந்த நிறுவனம் அதை முடித்துக்கொண்டது.

மீதியுள்ள 200இல் எல்லாமே மழையா? பெண்டிங் ஆர்டர் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். 5 எச்.பி. போர்வெல் மோட்டாருக்கு வந்த ஆர்டர்களில் 120ஐ அனுப்பவே இல்லை. தொழிற்சாலையில் சரக்கு இல்லை. கிணற்று மோட்டார் எரிந்துபோன விவசாயி காத்திருக்க மாட்டார், பக்கத்துக் கடையில் வேறு பிராண்டை வாங்கிவிடுவார். அந்த 120ம் இழந்த விற்பனை என்று கொண்டால் மழைக்கு மிஞ்சுவது 80 மோட்டார். அதையும் சும்மா ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. மழை பெய்யாத மாவட்டங்களிலும் இதே அளவு குறைந்திருந்தால் அந்த 80க்கும் வேறு காரணம் இருக்கிறது.

தனியே நின்ற 17 லட்சத்துக்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. அந்த 5 எச்.பி. மோட்டாரின் விலை 30,000 ரூபாய். 120 மோட்டாரையும் அனுப்பியிருந்தால் 36 லட்சம் கூடியிருக்கும். சராசரி விலை திரும்ப 15,000 ரூபாயைத் தொட்டிருக்கும். யாரும் விலையைக் குறைத்து விற்கவில்லை. பெரிய மோட்டார் இல்லாததால் சின்ன மோட்டார்களின் பங்கு கூடி, சராசரி இறங்கிவிட்டது. இதை உடைத்துப் பார்க்காத கூட்டத்தில் "போட்டியாளர்கள் விலையைக் குறைத்துவிட்டார்கள்" என்று எழுதி, தேவையே இல்லாத தள்ளுபடியை அறிவித்திருப்பார்கள்.

இனி நடவடிக்கை. வழக்கமான முடிவு, விடுபட்ட 600ஐ அடுத்த காலாண்டு இலக்கோடு சேர்த்துவிடுவது. பம்ப் தொழிலில் ஜூலை–செப்டம்பர் மந்தமான காலம். அப்போது செகண்டரி 2,700 போகும் என்று வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 29 மோட்டார். டீலர்களிடம் இருக்கும் 1,600, கிட்டத்தட்ட 55 நாள் சரக்கு. 30 நாள் சரக்கு போதும் என்று கம்பெனி நினைத்தால் சுமார் 900 இருந்தாலே போதும், 700 உபரி. ஆக, அடுத்த காலாண்டில் நியாயமாக பில் போடக்கூடியது 2,000 மட்டுமே. அதில் 600ஐக் கூட்டினால் செப்டம்பர் கடைசி வாரத்தில் மறுபடியும் டீலர் தலையில்தான் கட்டுவார்கள்.

எனவே குறிப்பில் வர வேண்டிய வரிகள் இப்படி இருக்கும்: "ஜூலை–செப்டம்பர் பிரைமரி இலக்கு 2,000, செகண்டரி இலக்கு 2,700. டீலரிடம் 30 நாளுக்கு மேல் ஸ்டாக் இருந்தால் விற்பனைத் தலைமை மேலாளரின் கையெழுத்து இல்லாமல் பில் போடக் கூடாது. பொறுப்பு கணக்குப் பிரிவு, ஜூலை 15 முதல். 5 எச்.பி. போர்வெல் மோட்டார் பெண்டிங் ஆர்டர் 120ஐ ஜூலை 31க்குள் அனுப்ப வேண்டும், அல்லது டீலரைக் கேட்டு ரத்து செய்ய வேண்டும். பொறுப்பு உற்பத்தி மேலாளர்." ஒவ்வொரு வரியிலும் ஆளும் தேதியும் இருக்கிறது. நடந்ததா இல்லையா என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். அந்தப் பதில் அடுத்த கூட்டக் குறிப்பின் முதல் பக்கத்தில் இலக்குகளுக்கு முன்னால் வர வேண்டும்.

இவ்வளவுக்கும் அடிப்படை டீலர் ஸ்டாக் எண்ணிக்கை. இதில்தான் ஓட்டை அதிகம். விற்பனைப் பிரதிநிதி போனில் கேட்டு எழுதும் எண் பல நேரங்களில் டீலரின் ஞாபகம். சில நேரங்களில் பிரதிநிதியின் விருப்பம். சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு மோட்டாரின் பெயர்ப்பலகையிலும் வரிசை எண் இருக்கிறது. பெரிய டீலர்கள் சிலரின் குடோனுக்கு நேரில் போய் அந்த எண்களைக் குறித்து வந்து, பில்லில் உள்ள எண்களோடு ஒப்பிட்டால் எந்த மாதம் அனுப்பிய சரக்கு இன்னும் அங்கேயே கிடக்கிறது என்று தெரிந்துவிடும். இந்த வேலையை அந்தப் பகுதியின் விற்பனைப் பிரதிநிதியிடம் கொடுக்கக் கூடாது. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் போவது நல்லது.