பழைய பித்தளைச் சங்கிலி ஊஞ்சல் வாங்கப் போறீங்களா? முதல்ல மேல் கொக்கியைப் பாருங்க!

காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போனால், செதுக்கு வேலை செய்த தேக்குப் பலகையும் மயில், யானை உருவம் வைத்த பித்தளைச் சங்கிலியுமாக ஊஞ்சல்கள் கண்ணில் படும். "நூறு வருஷத்துப் பொருள்" என்று விலை சொல்வார்கள். பலகை நிஜமாகவே பழசாக இருக்கலாம். ஆனால் சங்கிலியும் அதே வயசா? ஊஞ்சல் என்பது தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய பொருள். அதனால் ஒரு வீட்டுப் பலகையும் இன்னொரு வீட்டுச் சங்கிலியும் எளிதாக ஜோடி சேர்ந்துவிடும்.

தேய்மானம் எங்கே இருக்கணும்?

ஊஞ்சல் ஆடும்போது சங்கிலி முழுக்க ஒரே மாதிரி அசைவதில்லை. நடுப்பகுதி பாரத்தில் இழுபட்டு, ஏறக்குறைய நேராகவே நிற்கும். உத்தரத்துக் கொக்கியில் மாட்டும் மேல் வளையமும், பலகையோடு சேரும் கீழ் வளையமும்தான் ஒவ்வொரு ஆட்டத்திலும் திரும்பித் திரும்பி உரசும். அதனால் மேலும் கீழும் அதிகமாகவும், நடுவில் குறைவாகவும் தேய்ந்திருப்பதுதான் இயல்பு.

தேய்மானம் வளையம் முழுக்க இருக்காது. ஒன்றோடு ஒன்று மாட்டும் உள்வளைவில் மட்டும் பள்ளம் விழுந்திருக்கும். அந்த வளையத்தில் மாட்டியிருக்கும் அடுத்த துண்டிலும் அதற்குப் பொருந்தும் தேய்மானம் இருக்க வேண்டும். ஒன்றில் ஆழமான பள்ளம், மாட்டியிருப்பதில் கீறலே இல்லை என்றால், ஏதோ ஒன்று மாற்றப்பட்டிருக்கிறது.

ஒரு உதாரணம்

நான்கு சங்கிலியிலும் மேல் வளையத்தை அளக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வளையத்தின் பக்கவாட்டில் 12 மி.மீ. தடிமன். உரசும் இடத்தில் மூன்று சங்கிலிகளில் 9 மி.மீ., நான்காவதில் மட்டும் 12 மி.மீ. இருக்கிறது. நான்கும் ஒரே பாரத்தைத்தான் பகிர்ந்து சுமந்திருக்கும். ஒரு பக்கமே உட்கார்ந்து ஆடியிருந்தால் சின்ன வித்தியாசம் வரலாம், ஆனால் ஒன்று மட்டும் தேயாமலே இருக்காது. அப்படியானால் நான்காவதில் மேல் வளையம் பிறகு வந்தது.

இப்போது அதே சங்கிலியில் உள்ள மயிலை மற்ற மூன்றோடு ஒப்பிடுங்கள். பல வருஷம் புளி போட்டுத் தேய்த்த பித்தளையில் மூக்கு, கொண்டை மாதிரி துருத்திய இடங்கள் மழுங்கியிருக்கும், குழிகளில் அழுக்கு தங்கியிருக்கும். நான்காவது மயில் கூர்மையாக, குழி வரைக்கும் ஒரே கறுப்பாக இருந்தால் சங்கிலியே புதுசு, ரசாயனம் போட்டுக் கறுக்க வைத்திருக்க வாய்ப்பு அதிகம். மயில் மற்ற மூன்றைப் போலவே மழுங்கியிருந்தால், மேல் வளையம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

கையில் ஒரு காந்தமும் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. நன்றாக ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு.

பலகையைத் திருப்பிப் பாருங்க

மேல்பக்கத்தைப் பாலிஷ் போட்டு மாற்றிவிடலாம். அடிப்பக்கத்தை அவ்வளவாகக் கவனிக்க மாட்டார்கள். அங்கே அரைவட்டமாக வரி வரியாகக் கோடு இருந்தால், அது சுழலும் இயந்திர ரம்பத்தில் அறுத்தது. கை ரம்பத்தின் கோடுகள் நேராக, ஆனால் இடைவெளி சீரில்லாமல் இருக்கும்.

அடுத்து துளைகள். பழைய வளையம் இருந்த இடத்தில் மரத்தில் அதன் அச்சு பதிந்து, நிறம் மாறியிருக்கும். இப்போதைய வளையம் அந்த அச்சுக்குள் சரியாக உட்கார்கிறதா? பக்கத்தில் மரக்கட்டை வைத்து அடைத்த வேறு துளை இருக்கிறதா? இருந்தால், பலகை வேறு சங்கிலியில் தொங்கியிருக்கிறது.

ஸ்க்ரூ தலையையும் பாருங்கள். பிளஸ் வடிவத் தலை 1930-களில்தான் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அது இருந்தால், அந்த ஸ்க்ரூவுக்கு நூறு வயசு இருக்காது. ஒற்றைக் கோடு தலை என்பதால் மட்டும் பழசு என்று நம்பவும் முடியாது, அது இன்றும் கடையில் கிடைக்கிறது.

வயசைத் துல்லியமாகச் சொல்ல முடியுமா?

முடியாது. தினமும் பத்துப் பேர் ஆடிய 30 வருஷ ஊஞ்சல், விசேஷத்துக்கு மட்டும் மாட்டிய 100 வருஷ ஊஞ்சலைவிட அதிகம் தேய்ந்திருக்கும். பாகங்கள் ஒன்றாக வாழ்ந்தவையா என்பதைத்தான் தேய்மானம் காட்டும். 100 வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இதையும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

பாகம் மாற்றியதெல்லாம் மோசடியும் இல்லை. பாதி தேய்ந்த மேல் வளையத்தில் ஆள் உட்கார்ந்து ஆடுவது ஆபத்து, அதை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றியதை மறைத்து முழுசும் பழசு என்று விலை போடுவதுதான் பிரச்னை. எந்தெந்த பாகம் புதுசு என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய வளையம் இருந்தால் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.