1/x-இன் வகைக்கெழுவில் மைனஸ் எங்கிருந்து வந்தது?

1/x-இன் வகைக்கெழு என்னவென்று கேட்டால், கணிதம் எடுத்த பிளஸ் டூ மாணவர் −1/x² என்று சட்டென்று சொல்லிவிடுவார். அந்த மைனஸ் எப்படி வந்தது, கீழே x ஏன் இரண்டு முறை பெருகி நிற்கிறது என்று கேட்டால் அடுக்கு விதியைக் காட்டுவார். விதி சரிதான். ஆனால் அதை ஓரமாக வைத்துவிட்டு வரையறையிலிருந்தே கணக்குப் போட்டால், இரண்டு கேள்விக்கும் விடை கண்ணெதிரே கிடைக்கும்.

வகைக்கெழு என்பது, ஒரு வளைகோடு குறிப்பிட்ட இடத்தில் எவ்வளவு சரிகிறது அல்லது ஏறுகிறது என்பதன் அளவு. ஒரே புள்ளியை வைத்துக்கொண்டு சாய்வைக் கணக்கிட வழியில்லை. அதனால் x-இலிருந்து h தூரம் தள்ளி இன்னொரு புள்ளியை எடுக்கிறோம். இரண்டு இடத்து உயரங்களின் வித்தியாசத்தை h-ஆல் வகுக்கிறோம். பிறகு h-ஐச் சுருக்கிக்கொண்டே போய், விடை எந்த எண்ணை நெருங்குகிறது என்று பார்க்கிறோம். அந்த எண்தான் எல்லை.

எழுத்துகளுக்குப் போகுமுன் x = 2 என்று வைத்துப் பார்க்கலாம். அங்கே உயரம் 0.5. h = 0.1 என்றால் 2.1-இல் உயரம் 0.47619. வித்தியாசம் −0.02381; 0.1-ஆல் வகுத்தால் −0.2381. h-ஐ 0.01 ஆக்கினால் −0.2488, 0.001 ஆக்கினால் −0.2499. விடை −0.25 பக்கம் போகிறது. வலப்பக்கம் போகப் போக வளைகோடு இறங்குவதால் மைனஸ் வருகிறது. ஆனால் −0.25 பக்கம் போகிறது என்பது நம் ஊகம்தான்; நிரூபணம் இல்லை.

நிரூபணத்துக்கு இதை எழுத வேண்டும்:

[1/(x+h) − 1/x] ÷ h

இதில் எடுத்த எடுப்பிலேயே h-க்குப் பூஜ்ஜியத்தைப் போட்டால் மேலேயும் பூஜ்ஜியம், கீழேயும் பூஜ்ஜியம். அதிலிருந்து எதுவும் தெரியாது. எனவே முதலில் மேலே உள்ள இரண்டு பின்னங்களையும் ஒன்றாக்க வேண்டும். பொதுப் பகுதி x(x+h):

1/(x+h) − 1/x = [x − (x+h)] / [x(x+h)]

பலர் சறுக்குவது இந்த வரியில்தான். அடைப்புக்குறியை விட்டுவிட்டு x − x + h என்று எழுதினால் மேலே +h மிஞ்சும். கடைசி விடை +1/x² ஆகிவிடும். இறங்கும் கோட்டுக்கு ஏறும் சாய்வு வந்தால் அடைப்புக்குறியைத் தேடிப் போகலாம். சரியாகப் பிரித்தால் x-உம் x-உம் அடிபட்டு −h மட்டும் நிற்கும். நாம் தேடிய மைனஸ் இதுதான். இனி h-ஆல் வகுத்தால்:

−h / [h·x(x+h)] = −1 / [x(x+h)]

மேலேயும் கீழேயும் இருந்த h போய்விட்டது. h பூஜ்ஜியத்தை நெருங்குகிறதே தவிர, பூஜ்ஜியம் ஆகிவிடவில்லை. அதனால்தான் அடிக்க முடிந்தது. முதலில் பூஜ்ஜியமில்லை என்று சொல்லி வகுத்துவிட்டு, பின்னால் பூஜ்ஜியம் என்று தூக்கி எறிவது என்ன நியாயம் என்று 1734-இல் பாதிரியார் ஜார்ஜ் பெர்க்லி கேட்டார். கேள்வி நியாயமானதுதான். எல்லை என்ற கருத்தைத் தெளிவாக வரையறுத்த பிறகே அதற்கு ஒழுங்கான பதில் கிடைத்தது: நாம் h-ஐப் பூஜ்ஜியமாக்குவதில்லை, அது நெருங்கும்போது விடை எங்கே போகிறது என்றுதான் கேட்கிறோம்.

இப்போது h சுருங்கச் சுருங்க x+h என்பது x-ஐ நெருங்குகிறது. கீழே இருப்பது x·x, அதாவது x². இரண்டு பின்னங்களின் பகுதிகளும் பெருகியதால் வந்த வர்க்கம் இது. விடை −1/x². பூஜ்ஜியத்தில் மட்டும் இது செல்லாது. 1/x-க்கே அங்கு மதிப்பு கிடையாது.

x = 2 போட்டால் −1/4, நாம் ஊகித்த அதே −0.25. வரைபடத் தாளும் ஸ்கேலும் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. (2, 1/2) என்ற புள்ளி வழியாக −1/4 சாய்வில் தொடுகோடு வரைந்தால், அது கீழ் அச்சை 4-இலும் நிமிர்ந்த அச்சை 1-இலும் வெட்டும். இரண்டு அச்சுகளோடு அது அமைக்கும் முக்கோணத்தின் பரப்பு 2. இப்போது x = 1-இல் வரையுங்கள்: அச்சுகளை 2, 2 என்ற இடங்களில் வெட்டும்; பரப்பு மறுபடியும் 2. x = 1/2 என்றால் 1, 4; அதே 2. வளைகோட்டின் எந்தப் புள்ளியில் வரைந்தாலும் இந்தப் பரப்பு மாறாது.