குளிச்ச பத்தாவது நிமிஷம் ஏன் அரிக்குது?

சென்னையில இருந்த வரைக்கும் தோலைப் பத்தி நான் யோசிச்சதே இல்லை. பெங்களூருக்கு மாறின முதல் டிசம்பர்ல, குளிச்சிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்த பத்தாவது நிமிஷம் முழங்காலுக்குக் கீழே அரிக்க ஆரம்பிக்கும். நகத்தால கோடு போட்டா வெள்ளையா நிக்கும். ராத்திரி மறுபடியும் சுடச்சுட இருபது நிமிஷம் ஷவர்ல நிப்பேன். அந்த நேரம் அரிப்பு சுத்தமா நின்னுடும். அதனால சுடுதண்ணிதான் மருந்துன்னு நம்பினேன். பக்கையே ஃபிக்ஸ்னு நினைச்சு ஓட்டியிருக்கேன்!

தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "குளிக்கும்போது கண்ணாடியில ஆவி படியுதா?" படியும்னு சொன்னேன். சிரிச்சாங்க.

விஷயம் இதுதான். தோலோட மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. செத்த செல்கள்தான் செங்கல். நடுவுல இருக்கிற பூச்சு, செராமைடு மாதிரியான கொழுப்பு. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகாம தடுக்கிறது அந்தப் பூச்சுதான். எண்ணெய்ப் பாத்திரம் சுடுதண்ணியில சீக்கிரம் போகும் இல்லையா, அதே மாதிரி சூடும் சோப்பும் சேர்ந்து இந்தக் கொழுப்பையும் எடுத்துடும். வெளியே வந்ததும் குளிர்கால வறண்ட காத்து உள்ளே இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். தோல் இறுகி அரிக்கும். முழங்காலுக்குக் கீழே எண்ணெய்ச் சுரப்பி குறைவு, அதனால அங்கேதான் முதல்ல தெரியும். சூடு பட்டா அரிப்பு நிக்கிறது, சூட்டு உணர்வு அரிப்பு உணர்வைக் கொஞ்ச நேரம் அமுக்கிடுறதால. சுவர் என்னவோ இன்னும் ஓட்டையாகத்தான் ஆகுது.

அப்போ குளிக்கிறதையே குறைக்கணுமா? எனக்கு அந்தத் தேவை வரலை. ரெண்டு வேளையும் குளிச்சேன். ஆனா தண்ணி உடம்புச் சூட்டளவுக்கு வெதுவெதுப்பா மட்டும். உள்ளங்கைக்குச் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. நேரம் அஞ்சுல இருந்து பத்து நிமிஷம். காலையில அக்குள், தொடையிடுக்கு, பாதத்துக்கு மட்டும் சோப்பு. ராத்திரி வெறும் தண்ணி. துண்டால தேய்க்காம ஒத்தி எடுத்துட்டு, ஈரம் காயறதுக்குள்ள, மூணு நிமிஷத்துல, வாசனை இல்லாத கெட்டியான க்ரீம். அம்மா சொன்ன தேங்காய் எண்ணெயும் இதுக்கு உதவும், ஆனா ஈரத்தோட தடவணும். காய்ஞ்ச பிறகு தடவினா பூட்டி வைக்க அங்கே தண்ணியே இருக்காது.

முதல் மூணு நாள் கொடுமை. குளிர்ல வெதுவெதுப்பு பத்தவே பத்தாது. ரெண்டு வாரத்துல அந்த வெள்ளைக் கோடு விழறது நின்னுச்சு.

ஒண்ணு மட்டும் கவனிங்க. அரிப்பு ராத்திரியில அதிகமாகி, விரல் இடுக்குல பொரிப்பொரியா வந்து, ரூம்மேட்டும் சொறிஞ்சா, அது வறட்சி இல்லாம சொறிப்பூச்சியா இருக்கலாம். க்ரீமுக்கு அது அடங்காது, ரெண்டு பேருமே டாக்டர்கிட்ட போங்க.