மண்டபம் மாறிடுச்சு!

அக்கா மகளின் கல்யாணத்துக்கு முந்தைய வெள்ளி ராத்திரி மழை பிடித்தது. கார்த்திகை மழை. சனிக்கிழமை காலை வேளச்சேரி மண்டபத்தின் மேனேஜர் போன் செய்தார். மேல்மாடியில் மணமேடை பத்திரமாக இருந்தது. கீழே சாப்பாட்டுக் கூடத்திலும் சமையலறையிலும் முழங்கால் அளவு தண்ணீர். நம்மூர் மண்டபங்கள் பலவற்றில் பந்தி தரைத்தளத்தில்தான் நடக்கும். அது மூழ்கினால் கல்யாணமே மூழ்கின மாதிரி.

பதினோரு மணிக்குள் நங்கநல்லூரில் ஒரு மண்டபம் காலியாக இருப்பது தெரிந்து, அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அன்று மாலையே வரவேற்பு, மறுநாள் விடியலில் முகூர்த்தம். அதற்குள் கிட்டத்தட்ட அறுநூறு பேருக்குச் சொல்ல வேண்டும். அத்தான் வாட்ஸப்பில் ஒரு செய்தி எழுதினார். “பேரன்புடையீர், நிகழும் மங்களகரமான” என்று தொடங்கி, இயற்கையின் சீற்றம், தவிர்க்க முடியாத காரணங்கள், ஆழ்ந்த வருத்தம் எல்லாம் கடந்து பதினோராவது வரியில்தான் நங்கநல்லூர் வந்தது. அனுப்பிய பத்தாவது நிமிடத்தில் திருச்சியிலிருந்து பெரியம்மா கூப்பிட்டாள். குரல் நடுங்கியது. “என்னடி, கல்யாணம் நின்னுடுச்சாமே?”

பெரியம்மாவைக் குறை சொல்ல முடியாது. ‘வருத்தம்’, ‘மாற்றம்’, ‘தவிர்க்க முடியாத’ ஆகிய மூன்று சொற்களையும் கல்யாணச் செய்தியில் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான் வரும். சம்பந்தி வீட்டோடு ஏதோ தகராறு என்று கதை கட்டவும் ஆள் இருக்கிறது. அதனால் முதல் வரி, எது மாறவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். கல்யாணம் நடக்கிறது, நாளும் முகூர்த்தமும் அதேதான், மண்டபம் மட்டும்தான் வேறு. மன்னிப்பைக் கடைசிக்கு முன் வைத்தால் போதும்.

அடுத்த சிக்கல் ‘நாளை’. அத்தான் “நாளைக் காலை முகூர்த்தம்” என்று எழுதியிருந்தார். சனிக்கிழமை எழுதிய அந்தச் செய்தியை நள்ளிரவு தாண்டிப் படிப்பவருக்கு நாளை என்றால் திங்கள். கைமாறிக் கைமாறிப் போகும் செய்தியில் இன்று, நாளை, இன்று மாலை என்று எதுவும் வரக் கூடாது. கிழமையும் தேதியும் சேர்த்து எழுத வேண்டும். செய்தியின் அடியில் எழுதிய நேரத்தையும் போட்டுவிட்டால், இரண்டு செய்தி கிடைத்தவருக்கு எது புதிது என்று தெரியும்.

பிறகு வரைபடம். என் தம்பி ‘லைவ் லொகேஷன்’ அனுப்பினான். அது மண்டபம் இருக்கும் இடத்தைக் காட்டாது, அவன் போன் இருக்கும் இடத்தைத்தான் காட்டும். பூ வாங்க அவன் பைக்கில் போனபோது, நாலு பேர் அவனைத் தொடர்ந்தே போயிருக்கிறார்கள். அதிகபட்சம் எட்டு மணி நேரத்தில் அது அணைந்தும் போகும். தேட வேண்டியது மண்டபத்தின் பெயர். அனுப்ப வேண்டியது அந்த இடத்தின் நிலையான குறி. அனுப்பிய பிறகு வேறு ஒருவர் போனில் அதைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

நல்ல குறி அனுப்பினாலும் மழை நாளில் அதை மட்டும் நம்ப முடியாது. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து நங்கநல்லூருக்குள் வர எல்லோருக்கும் தெரிந்த வழி பழவந்தாங்கல் சுரங்கப்பாதை. பெருமழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், போலீஸ் தடுப்பு வைத்து மூடிவிடுவார்கள். இதை அந்தப் பக்கத்தில் குடியிருப்பவர் ஒருவர்தான் எங்களுக்குச் சொன்னார். புது இடத்துக்கு வழி எழுதுமுன் அங்கே இருப்பவர் ஒருவரைக் கேட்பது ஒரு போன் செலவுதான்.

அத்தானின் செய்தியை ஓரமாக வைத்துவிட்டு, மதியம் நாங்கள் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

“(மணமகள் – மணமகன் பெயர்) கல்யாணம் அதே நாளில், அதே முகூர்த்தத்தில் நடக்கிறது. மண்டபம் மட்டும் மாறியிருக்கிறது.

வரவேற்பு: சனி, நவம்பர் 29, மாலை 6.30. முகூர்த்தம்: ஞாயிறு, நவம்பர் 30, காலை 6.00 – 7.30.

புது இடம்: (மண்டபத்தின் பெயர்), நங்கநல்லூர், ஆஞ்சநேயர் கோவிலுக்குப் பின்தெரு.

பத்திரிகையில் உள்ள வேளச்சேரி மண்டபத்துக்குப் போக வேண்டாம். உள்ளே தண்ணீர் வந்துவிட்டது.

மின்சார ரயிலில் வந்தால் பழவந்தாங்கலில் இறங்கி, நங்கநல்லூர் பக்கமாக வெளியே வாருங்கள். ஆட்டோவில் ஆஞ்சநேயர் கோவில் என்று சொன்னால் போதும். காரில் வருபவர்கள் சுரங்கப்பாதையைத் தவிர்த்து, கத்திப்பாரா, ஆதம்பாக்கம் வழியாக வாருங்கள்.

கடைசி நேரத்தில் அலைய வைக்கிறோம், மன்னியுங்கள். அவசியம் வர வேண்டும்.

வழி கேட்க: (இரண்டு எண்கள்). சனி பகல் 1 மணிக்கு எழுதியது.”

இரண்டு எண்களும் கல்யாண வேலை எதுவும் இல்லாத இரண்டு பேருடையவை. பெண்ணின் அப்பா எண்ணைக் கொடுத்தால் அவர் கையில் தாம்பாளம் இருக்கும். மாப்பிள்ளை வீட்டாருக்கும் இதையே அனுப்பி, ஒரு எழுத்தும் மாற்றாமல் அவர்கள் பக்கத்துக்கு அனுப்பச் சொன்னோம். இரண்டு வீட்டிலிருந்தும் இரண்டு விதமாகப் போனால் பழைய சந்தேகம் திரும்ப முளைக்கும்.

அனுப்பியாயிற்று என்பது வேறு, போய்ச் சேர்ந்தது என்பது வேறு. வாட்ஸப் ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில் அனுப்பினால், நம் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போகும். அத்தானின் அலுவலகத்து ஆட்கள் பாதிப் பேருக்கு அப்படித்தான் கிடைக்காமல் போனது. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு எஸ்.எம்.எஸ்.தான் வழி. அதில் ஆங்கில எழுத்து என்றால் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழ் எழுத்து என்றால் 70தான். புள்ளிக்கும் துணைக்காலுக்கும்கூடத் தனித்தனி இடம் போய்விடும். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்தாகத் தெரியும் ‘கல்யாணம்’ எட்டு இடத்தைப் பிடிக்கும். ஆகவே அவர்களுக்கு மண்டபம் மாறியது, புது ஊர், ஒரு எண், அவ்வளவுதான். அறுபது தாண்டியவர்களைப் பட்டியல் போட்டு, மூன்று சித்திகள் பிரித்துக்கொண்டு போனிலேயே கூப்பிட்டார்கள். “எங்க வரணும்னு திருப்பிச் சொல்லுங்க பாப்போம்” என்று கேட்டு, சரியாகச் சொன்னவரின் பெயரை மட்டும் பேனாவால் அடித்தார்கள்.

தேதியே மாறினால் கதை வேறு. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது பல வீடுகளுக்கு அந்த நிலைமைதான். புதுத் தேதிக்கு ஜோசியர், மண்டபம், சமையல்காரர், சம்பந்தி வீடு எல்லாம் ஒத்துவர இரண்டு நாளாவது ஆகும். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் வெளியூர்க்காரர் ரயில் ஏறிவிடுவார். அதனால் இரண்டு செய்தி வேண்டும். இந்தத் தேதியில் கல்யாணம் இல்லை, கிளம்ப வேண்டாம், டிக்கெட்டை ரத்து செய்யுங்கள் என்று உடனே ஒன்று. நாள் உறுதியானதும் இன்னொன்று. புறப்படும் நேரம் நெருங்க நெருங்க டிக்கெட்டில் பிடித்தம் கூடும் என்பதால் முதல் செய்தியில் ஒவ்வொரு மணி நேரமும் காசு. இங்கே மன்னிப்பும் ஒரு வரியில் முடியாது. லீவு போட்டவரிடமும் டிக்கெட் எடுத்தவரிடமும் தனியாகப் பேச வேண்டும்.

இவ்வளவு செய்தும் பழைய மண்டப வாசலில் ஆள் நிறுத்த வேண்டியிருந்தது. ஃபிளெக்ஸ் அடிக்க நேரமில்லை. பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் மார்க்கரால் எழுதி, நனையாமல் பாலிதீன் சுற்றி கேட்டில் கட்டினோம். சித்தப்பா மகன் குடையோடும் ஒரு வாடகை வேனோடும் ஞாயிறு காலை எட்டரை வரை அங்கே நின்றான். நாற்பத்து மூன்று பேரை ஏற்றி அனுப்பினான். கடைசியாக வந்தவர் எங்கள் பள்ளித் தமிழாசிரியர். கோயம்பேட்டில் பஸ் இறங்கி நேராக வந்திருந்தார், சட்டைப்பையில் மடித்து வைத்த பத்திரிகையோடு. அவர் கையில் போனே கிடையாது.