அதே 22 கிலோதான், மோட்டார் ஏன் தாங்கவில்லை?

கரூர் பக்கம் ஒரு கல் கிரஷர். உடைத்த ஜல்லியைக் குவியலுக்கு ஏற்றும் கன்வேயரில் 5 எச்.பி. மோட்டார் மூன்று வருடமாக ஒழுங்காக ஓடியிருக்கிறது. லாரிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்த முதலாளி, புல்லியை மாற்றி பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினார். அன்று மாலையிலிருந்து ஓவர்லோடு ரிலே விழ ஆரம்பித்தது. பத்து நிமிடம் ஓடும், நிற்கும்.

"பெல்ட் மேல ஜல்லி முன்ன எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவுதானுங்க இருக்குது. ஒரு கிலோ கூட ஏத்தல. அப்புறம் எப்படிங்க லோடு கூடும்?" என்று கேட்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. சரிபார்க்க வழியும் உண்டு. ஜல்லியோடு ஓடும் பெல்ட்டை நிறுத்தி, மெயின் சுவிட்சைப் பூட்டிவிட்டு, ஒரு மீட்டர் நீளத்தில் இருக்கும் ஜல்லியைத் தூள் உட்பட வழித்தெடுத்து எடை போட வேண்டும். போட்டோம்: 22 கிலோ. வேகம் கூட்டுவதற்கு முன்பும் அதே 22 என்று அவருடைய ஃபிட்டர் நோட்டில் குறித்து வைத்திருந்தார்.

மோட்டாரை வாட்டுவது எது என்று பார்க்க, பழைய நிலையிலிருந்து ஆரம்பிப்போம். பெல்ட்டின் நீளம் 20 மீட்டர், அகலம் 600 மில்லிமீட்டர். மேல் முனை கீழ் முனையைவிட 6 மீட்டர் உயரம். பழைய வேகம் நொடிக்கு 1.25 மீட்டர். மீட்டருக்கு 22 கிலோ என்றால் நொடிக்கு சுமார் 28 கிலோ ஜல்லி மேலே போய் விழுகிறது. மணிக்கு 100 டன்.

இந்த 28 கிலோவை 6 மீட்டர் தூக்குவதுதான் முதல் வேலை. ஆறு மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து நொடிக்கு இரண்டு குடம் தண்ணீரை விடாமல் இறைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எடையை 9.81 என்ற புவியீர்ப்பு எண்ணாலும் உயரத்தாலும் பெருக்கினால் ஏறக்குறைய 1,640 வாட். பெல்ட் சரிவாகப் போகிறதா, செங்குத்தாகப் போகிறதா என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. எவ்வளவு எடை, எவ்வளவு உயரம், அவ்வளவுதான்.

அடுத்தது உராய்வு. ஜல்லி மட்டுமா நகர்கிறது? மேலே போகும் பெல்ட், கீழே திரும்பி வரும் பெல்ட், சுழலும் ரோலர்கள் எல்லாம் சேர்ந்து இந்தக் கன்வேயரில் மீட்டருக்கு 27 கிலோ. ஜல்லியோடு 49. இருபது மீட்டருக்கு 980 கிலோ. நல்ல பராமரிப்பில் இருக்கும் ரோலர்கள் மேல் இதை நகர்த்த, எடையில் நூற்றுக்கு இரண்டரை பங்கு இழுவிசை போதும். அதாவது 25 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. சின்னப் பையன் கூட இழுத்துவிடலாம் போல இருக்கிறது.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். டிரம்மைச் சுற்றி பெல்ட் வளைவது, கீழே விழும் ஜல்லியை பெல்ட்டின் வேகத்துக்குக் கொண்டுவருவது, டிரம் பேரிங்குகள் என்று நீளத்தோடு சம்பந்தமில்லாத செலவுகள் இருக்கின்றன. கிலோமீட்டர் நீள பெல்ட்டில் இவை கண்ணுக்கே தெரியாது. இருபது மீட்டரில் இவைதான் பெரும்பங்கு. அதனால் குட்டைக் கன்வேயருக்கு உராய்வை மூன்று மடங்காகப் போடுவது வழக்கம். இழுவிசை 74 கிலோ ஆகிறது, வேகத்தோடு பெருக்கினால் 900 வாட். ஓரத்தில் உரசும் ஸ்கர்ட் ரப்பருக்கும் ஒட்டியதைச் சுரண்டும் ஸ்கிரேப்பருக்கும் இன்னொரு 300 வாட்.

மொத்தம் 2,840 வாட். இது டிரம்மில் வேண்டியது. மோட்டாருக்கும் டிரம்முக்கும் நடுவே வி-பெல்ட்டும் கியர் பாக்ஸும் தங்கள் பங்கைத் தின்றுவிடும். நூற்றுக்கு 85 தான் டிரம்முக்கு வந்து சேரும் என்று வைத்தால், மோட்டார் தர வேண்டியது 3.3 கிலோவாட். கடையில் கிடைக்கும் அளவு 3.7 கிலோவாட், அதாவது 5 எச்.பி. பத்து சதவீதம்தான் மிச்சம். நானாக இருந்தால் கொஞ்சம் தாராளமாக எடுத்திருப்பேன், ஆனாலும் தவறான தேர்வு என்று சொல்ல முடியாது.

இப்போது புதிய வேகம், 1.6 மீட்டர். மீட்டருக்கு அதே 22 கிலோ இருப்பதால் பெல்ட்டை இழுக்கத் தேவையான விசை மாறவில்லை. முதலாளி கண்டது அதைத்தான். ஆனால் சக்தி என்பது விசையை வேகத்தால் பெருக்கி வருவது. டிரம்மில் 3.6 கிலோவாட், மோட்டாரில் கிட்டத்தட்ட 4.3. பெல்ட் வேகமாக ஓடியும் ஜல்லியின் கனம் குறையவில்லை என்றால், மேலே போகும் சரக்கு மணிக்கு 128 டன் ஆகிவிட்டது என்று அர்த்தம். ஃபீடரை யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் குற்றம் வேகத்தின் மேலா, சரக்கின் மேலா? ஃபீடரைத் தொடாமல் 100 டன்னிலேயே விட்டிருந்தால், வேகம் கூடியதும் ஜல்லி மெல்லிசாகப் பரவி மீட்டருக்கு 17 கிலோவாக இறங்கியிருக்கும். தூக்கும் செலவு அதே 1,640 வாட். காலி பெல்ட்டையும் ரோலர்களையும் வேகமாக ஓட்டும் செலவு மட்டும் கூடும். மோட்டார் தர வேண்டியது 3.6 கிலோவாட், இழுத்துப் பிடித்தாவது ஓடியிருக்கும். ரிலேயை விழவைத்தது கூடுதல் 28 டன்.

ஆம்பியர் மீட்டரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாதா என்று ஃபிட்டர் கேட்டார். முழு லோடை ஒட்டி இருக்கும்போது முடியும். இந்த மோட்டாருக்கு முழு லோடு கரண்ட் ஏழரை ஆம்பியர் அளவில் இருக்கும், அதைத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம். ஆனால் மோட்டார் சும்மா சுற்றினாலே காந்தப்புலத்துக்காக அதில் பாதி அளவு கரண்ட் எடுக்கும். ஆகவே பாதி ஆம்பியர் காட்டினால் பாதி லோடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கணக்கு இன்னொன்றையும் காட்டிவிடுகிறது. பெல்ட் மேலுள்ள ஜல்லி கீழ்நோக்கி இழுக்கும் விசை 130 கிலோவுக்கு மேல். அதைத் தடுக்கும் உராய்வு 74 கிலோ. கரண்ட் போனால் பெல்ட் பின்னோக்கி ஓடி, மொத்த ஜல்லியையும் அடியில் கொட்டும். பின்னால் சுற்றவிடாமல் பிடிக்கும் ஹோல்ட்பேக் இங்கே கட்டாயம். ஜல்லியோடு பெல்ட்டை நிறுத்தி எடை போட்டோம் என்றேனே, அது இருந்த தைரியத்தில்தான்.

128 டன் வேண்டும் என்பதில் முதலாளி உறுதியாக இருந்தார். அடுத்த அளவு 5.5 கிலோவாட், 7.5 எச்.பி. வாங்கி மாட்டினார்கள். காலியாகக் கிளம்பியது. ஜல்லியோடு நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டால் உறுமிக்கொண்டு அப்படியே நின்றது. "பெருசு மாட்டியும் இப்படிங்களா?" என்றார்.

பெரிய மோட்டார் என்பதால் கடைக்காரர் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைக் கொடுத்திருந்தார். ஸ்டாரில் கிளம்பும்போது மோட்டாரின் திருப்புவிசை மூன்றில் ஒரு பங்குதான். நேரடி ஸ்டார்ட்டரில் இரண்டு மடங்கு திருப்புவிசையோடு கிளம்பும் மோட்டார், ஸ்டாரில் முழு லோடுக்குத் தேவையான அளவைக்கூட எட்டாது. கிளம்பும் நேரத்தில் பழைய 5 எச்.பி. நேரடியாகத் தந்ததில் பாதியைத்தான் இந்த 7.5 எச்.பி. தந்துகொண்டிருந்தது. நின்ற பெல்ட்டை அசைக்கவோ, ஓடுகிற பெல்ட்டுக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக வேண்டும். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்டார்ட்டரைக் கழற்றி, புதிய மோட்டாரின் ஆம்பியருக்குத் தகுந்த நேரடி ஸ்டார்ட்டரை மாட்டியதும் ஜல்லியோடு கிளம்பியது.